டிவியில் மேட்ச், ஓரத்தில் தறிக் குடோன்: ஒரே திரையில் இரண்டு படம்

"வீட்டை ஒட்டியே தறிக் குடோன், எட்டுத் தறி ஓடுது. குடோனில் கேமரா போட்டிருக்கோம். ராத்திரி டிவியில் மேட்ச் பார்க்கும்போதே ஓரமாகக் குடோனும் தெரிஞ்சா நல்லா இருக்கும். டிவி மெனுவில் PIP-ன்னு இருக்குது, ஆன் பண்ணினா சின்னக் கட்டம் வருது, ஆனா அதுல ஒண்ணுமே வரமாட்டேங்குதுங்க. டிவி போயிருச்சா? இதே மாதிரி ரெண்டு சேனலையும் சேர்த்துப் பார்க்க முடியுமா? ஊர் சோமனூர்."

டிவி போகவில்லைங்க. அந்தச் சின்னக் கட்டம் காலியாகவாவது வருகிறதே, அது நல்ல சேதி. உங்கள் டிவியில் இரண்டாவது படத்துக்கான வழி உயிரோடு இருக்கிறது, அந்த வழியில் நீங்கள் எதையும் அனுப்பவில்லை, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்குள்ளோ கொஞ்சம் மேலோ ஆகும் ஒரு சின்னப் பெட்டியும் ஒரு ஒயரும் இருந்தால் குடோன் அந்தக் கட்டத்தில் வந்துவிடும். ஏன், எப்படி என்று சொல்கிறேன். பல்லடம், சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம் டிவி சர்வீஸும் கேமரா வேலையும் பல வருஷமாகச் செய்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் தேவையில்லாத சாமான் ஒன்றை வாங்கி ஏமாந்த பிறகுதான் வருகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு டிவி இரண்டு படத்தைக் காட்ட வேண்டுமானால், இரண்டு படமும் தனித்தனி வழியாக உள்ளே வரவேண்டும். பி.ஐ.பி. வசதி உள்ள பெரும்பாலான டிவிகளில் அந்த இரண்டு வழிகள் இவை: பெரிய படம் எச்டிஎம்ஐ வழியாக வரும், சின்னப் படம் டிவிக்குள்ளேயே இருக்கும் டியூனர் வழியாக வரும். டியூனர் என்பது பின்னால் ஆன்டெனா ஒயர் சொருகும் வட்டமான துளைக்குப் பின்னே இருக்கும் பாகம். இரண்டு எச்டிஎம்ஐ துளைகளில் வரும் படங்களை ஒன்றாகக் காட்டும் வேலையை இந்த டிவிகள் செய்யாது. துளை மூன்று இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உள்ளே விடும்.

முன்பு இதில் ஒரு சிக்கலும் இல்லை. கேபிள் ஒயர் நேராக ஆன்டெனா துளைக்குள் போனது. டிவிடி பிளேயரில் படம் ஓடும்போது ஓரத்தில் செய்தி பார்க்கலாம். அதற்கும் முன்னால் கொடைக்கானலைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வைத்த காலத்திலும் சிக்னல் அந்தத் துளைக்குத்தான் வந்தது. 2017இல் அரசு கேபிளிலும் செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு நம் ஊர்களில் நிலைமை மாறியது. கேபிள் ஒயர் இப்போது பாக்ஸுக்குள் போகிறது. பாக்ஸிலிருந்து டிவிக்கு வருவது எச்டிஎம்ஐ. ஆன்டெனா துளை காலியாகக் கிடக்கிறது. நீங்கள் PIP-ஐ ஆன் பண்ணும்போது டிவி தன் டியூனரில் என்ன வருகிறது என்று பார்க்கிறது. ஒன்றும் வருவதில்லை, ஆகவே கறுப்புக் கட்டம், அல்லது புள்ளிப் புள்ளியாக இரைச்சல். அப்படியானால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: குடோன் கேமராப் படத்தை ஒரு டிவி சேனல் மாதிரி ஆக்கி அந்தக் காலித் துளைக்குள் விடவேண்டும்.

அந்த வேலையைச் செய்கிற பெட்டிக்கு ஆர்.எஃப். மாடுலேட்டர் என்று பெயர். முன்பு கேபிள்காரர்கள் லோக்கல் சேனலில் சினிமா போட்டார்களே, அதற்குப் பயன்பட்ட அதே ஜாதிப் பொருள்தான், உள்ளங்கை அளவில். ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி பின்கள் சொருகலாம். மறுபக்கம் ஆன்டெனா ஒயர் வெளியே வரும். கடையில் கேட்கும்போது "பால் பி/ஜி" வகை என்று சொல்லிக் கேளுங்கள், நம் நாட்டு டிவிகளுக்கு அதுதான் பொருந்தும். வேறு வகையை வாங்கினால் படம் வந்தாலும் சத்தம் வராமல் போகலாம். கேமராவுக்குச் சத்தம் தேவையில்லை, ஆனால் பின்னால் இரண்டாவது சேனலுக்கும் இதே பெட்டியைப் பயன்படுத்தச் சொல்லப்போகிறேன், அப்போது தேவைப்படும்.

போன வருஷம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் செய்த வேலையை அப்படியே சொல்கிறேன். 43 அங்குல டிவி. குடோன் வீட்டுக்குப் பின்னால், ஒயர் போகும் வழியில் அளந்தால் சுமார் 40 மீட்டர். கேமராப் படத்தைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டி குடோனில் மேஜைக்கு மேல் இருந்தது. அந்த வீட்டுத் தம்பி ஏற்கெனவே 15 மீட்டர் எச்டிஎம்ஐ ஒயர் இரண்டு வாங்கி, நடுவில் ஒரு ஜாயின்டர் போட்டு இழுத்துப் பார்த்திருக்கிறார். படம் வந்து வந்து போயிருக்கிறது. சாதாரண எச்டிஎம்ஐ ஒயர் 10 மீட்டரைத் தாண்டினாலே நம்பிக்கை இல்லை. ஜாயின்டர் போட்டால் இன்னும் மோசம்.

நாங்கள் அந்த ஒயரை எடுத்துவிட்டு டிவிஆரின் பின்பக்கத்தைப் பார்த்தோம். நிறைய டிவிஆர்களில் எச்டிஎம்ஐ, விஜிஏ தவிர, கேமரா ஒயர் சொருகும் அதே மாதிரித் திருகுத் துளை ஒன்று தனியாக இருக்கும். `VIDEO OUT` அல்லது `CVBS` என்று எழுதியிருக்கும். பழைய ஏவி படம் அதில் வரும். அதிலிருந்து, கேமராவுக்குப் போடும் அதே கோஆக்சியல் ஒயரை வீட்டு ஹால் வரை இழுத்தோம். இந்த வகைப் படம் கோஆக்சியல் ஒயரில் 100 மீட்டர் கூடத் தாராளமாகப் போகும், 40 மீட்டர் ஒரு விஷயமே இல்லை. ஹாலில் ஒயர் முனையில், திருகு முனையை மஞ்சள் பின்னாக மாற்றும் சின்ன கனெக்டர் ஒன்றைப் போட்டு மாடுலேட்டரில் சொருகினோம். மாடுலேட்டரிலிருந்து ஒரு முழம் ஒயர் டிவியின் ஆன்டெனா துளைக்கு. செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ இருந்த இடத்திலேயே இருந்தது. உங்கள் டிவிஆரில் அந்தத் துளை இல்லாவிட்டால், எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் கன்வெர்டர் ஒன்றை டிவிஆர் பக்கத்திலேயே வைத்து அதன் மஞ்சள் பின்னிலிருந்து ஒயரை இழுக்கலாம். அதற்குப் போன் சார்ஜர் ஒன்றிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சில சமயம் படம் மங்கலாக வரும், சில சமயம் வராது.

அப்புறம் டிவி சோர்ஸை `TV`க்கு மாற்றி, சேனல் தேடலில் அனலாக் தேடலை ஓட்டினோம். ஒரே ஒரு சேனல் கிடைத்தது. அதுதான் குடோன். திரும்ப எச்டிஎம்ஐக்கு வந்து PIP-ஐ ஆன் பண்ணினோம். மேட்ச் பெரிதாக, வலது மேல் மூலையில் குடோன். அந்த வீட்டு ஐயன் எழுந்து வந்து திரைக்குக் கிட்ட நின்று பார்த்துவிட்டு, "மூணாவது தறி நிக்குதே" என்றார். ஆள் அனுப்பிப் பார்த்தால் ஊடு நூல் தீர்ந்து நின்றிருந்தது.

இதெல்லாம் பழைய ஏவி படம் ஆயிற்றே, தெளிவு குறையாதா என்று கேட்பீர்கள். குறையும், ஆனால் அந்தக் கட்டத்தில் அது தெரியாது. கணக்கைப் பாருங்கள். ஃபுல் எச்டி திரையில் குறுக்குவாட்டில் 1920 புள்ளிகள். சின்னக் கட்டம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 640 புள்ளிகள். பழைய பால் ஏவி படத்தின் அகலமே 720 புள்ளிகள். ஆக அந்தக் கட்டம் காட்டக்கூடிய அளவுக்கு ஏவி படத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் தெளிவான படத்தைக் கொடுத்தாலும் டிவி அதைச் சுருக்கித்தான் காட்டும். 43 அங்குல டிவியில் அந்தக் கட்டம் மூலைக்கு மூலை அளந்தால் 14 அங்குலம் சொச்சம், ஒரு சின்ன லேப்டாப் திரை அளவு.

உண்மையில் கெடுவது வேறு இடத்தில். டிவிஆரில் எட்டுக் கேமரா இருந்து, எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் நிலையில் இருந்தால், அந்த 14 அங்குலக் கட்டத்தை மூன்றுக்கு மூன்று என ஒன்பதாகப் பிரித்த மாதிரி ஆகும். ஒவ்வொன்றும் ஐந்து அங்குலத்துக்கும் குறைவு. பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் ஆள் இருக்கிறாரா என்பதே தெரியாது. ஆகவே அந்த ஏவி வழியில் ஒரு நேரத்தில் ஒரு கேமரா மட்டும் வருகிற மாதிரி டிவிஆர் மெனுவில் மாற்றுங்கள். பல டிவிஆர்களில் ஏவிக்கென்று தனி அமைப்பு உண்டு, எச்டிஎம்ஐயில் எல்லாக் கேமராவும் வந்துகொண்டிருக்கும்போதே ஏவியில் வேறு காட்சி கொடுக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக மாறும்படியும் வைக்கலாம். எத்தனை விநாடிக்கு ஒரு தரம் மாற வேண்டும் என்று கேட்கும். 3 விநாடி வைத்தால் கண் வலிக்கும், மேட்சும் பார்க்க முடியாது. நான் 10 விநாடி வைப்பேன். எட்டுக் கேமரா என்றால் ஒரு சுற்று வர ஒரு நிமிஷம் இருபது விநாடி. தறி நின்றதைத் தெரிந்துகொள்ள அது போதும். இன்னொரு யோசனை: எட்டையும் சுற்ற விடாமல், தறிகள் வரிசையாகத் தெரியும் இரண்டு கேமராவையும் வாசல் கேமராவையும் மட்டும் சுற்ற விடுங்கள். டிவிஆரில் வீடியோ முறை `PAL` என்று இருக்க வேண்டும். `NTSC` என்று இருந்தால் கட்டத்தில் படம் உருளும், அல்லது நிறம் போய்க் கறுப்பு வெள்ளையாக வரும். அந்த இரண்டு அடையாளத்தில் ஒன்று தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இப்போது, சோமனூர் மாதிரி ஊர்களில் மட்டும் அடிக்கடி வரும் ஒரு கோளாறு. எல்லாம் மாட்டியாயிற்று, படமும் வந்துவிட்டது, ஆனால் படத்துக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை மெதுவாக மேலோ கீழோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. மாடுலேட்டர் மோசம் என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. காரணம் மாடுலேட்டர் இல்லை. விசைத்தறிக்கு ஒரு மின் இணைப்பு, வீட்டுக்கு வேறு இணைப்பு, இரண்டுக்கும் எர்த் தனித்தனி. குடோன் டிவிஆரின் எர்த்தையும் வீட்டு டிவியின் எர்த்தையும் நீங்கள் இழுத்த ஒயரின் வெளிக்கம்பி இப்போது சேர்த்துவிட்டது. இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்தக் கம்பி வழியாக ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்டின் அந்த அலைதான் பட்டையாகத் தெரிகிறது. தறி மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது பட்டை கருத்தும், ஷிப்ட் மாறி மோட்டார் நிற்கும்போது லேசாகியும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒயரை மாடுலேட்டரில் சொருகும் முன் ஒரு சோதனை அவசியம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை இழுத்து வந்த ஒயரின் வெளிக்கம்பியிலும், மறுமுனையை டிவி ஆன்டெனா துளையின் வெளி உலோகத்திலும் வையுங்கள். ஓரிரு வோல்ட் காட்டினால் பயமில்லை. வீடியோவுக்கான கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேமராக் கடையில் கேட்டு, ஹால் முனையில் மாடுலேட்டருக்கு முன் போட்டால் பட்டை போய்விடும். அதற்கு மேல் பத்து, இருபது என்று காட்டினால் ஐசொலேட்டரைப் போட்டு மறைக்க வேண்டாம். குடோன் எர்த்தில் ஏதோ கோளாறு இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. ஒரு வீட்டில் இந்தச் சோதனை செய்யாமல் நானே ஒயரைக் கையில் பிடித்துச் சுளீரென்று வாங்கியிருக்கிறேன். ஒரு தறி மோட்டாருக்கு எர்த் ஒயர் கழன்று கிடந்தது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மீட்டர் வைக்காமல் குடோன் ஒயரைத் தொடுவதில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மாடுலேட்டரிலிருந்து வரும் ஒயர் டிவிக்கு மட்டும்தான் போக வேண்டும். ஹாலில் ஏற்கெனவே கேபிள் ஒயருக்கு ஒரு ஸ்ப்ளிட்டர் இருக்கிறதே என்று அதோடு சேர்த்துவிடாதீர்கள். மாடுலேட்டரின் சிக்னல் கேபிள் லைனுக்குள் திரும்பிப் போனால், அதே அலைவரிசையில் வரும் சேனல்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் கட்டம் கட்டமாக உடையும். கேபிள்காரர் தெருத் தெருவாகத் தேடி அலைவார்.

நீங்கள் மேட்சை எதில் பார்க்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். செட்டாப் பாக்ஸில் பார்த்தால் மேலே சொன்னது அப்படியே நடக்கும். டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில் பார்த்தால் PIP மெனு மங்கிப்போய்த் தேர்ந்தெடுக்க முடியாமல் இருக்கும். பெரிய படம் எச்டிஎம்ஐயில் வந்தால்தான் இந்த டிவிகள் சின்னக் கட்டத்தைத் திறக்கும். அதற்கு வழி, ஆப்பை டிவியில் ஓட்டாமல் எச்டிஎம்ஐயில் சொருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் ஓட்டுவது. டிவியைப் பொறுத்தவரை அதுவும் ஒரு எச்டிஎம்ஐ சோர்ஸ்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் டிவி மெனுவில் PIP என்பதே இல்லையென்றால் மாடுலேட்டர் வாங்காதீர்கள், பிரயோஜனம் இல்லை. 2020க்குப் பிறகு வந்த சில விலை கூடிய சாம்சங், எல்ஜி மாடல்களில் `Multi View` என்று இருக்கும். அதில் ஒரு பாதியில் செட்டாப் பாக்ஸும் மறுபாதியில் போன் திரையும் காட்டலாம், போனில் கேமரா ஆப்பைத் திறந்து வைத்தால் போதும். போன் அழைப்பு வந்தால் அதுவும் டிவியில் தெரியும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். இரண்டுமே இல்லாத டிவிக்கு எச்டிஎம்ஐ மல்டிவியூவர் என்ற பெட்டி இருக்கிறது. இரண்டு அல்லது நான்கு எச்டிஎம்ஐ உள்ளே, ஒன்று வெளியே. படங்களை அந்தப் பெட்டியே சேர்த்து ஒரே படமாக்கி டிவிக்கு அனுப்பும். விலை சில ஆயிரம் ஆகும்.

ஏமாறும் இடம் இங்கேதான். எச்டிஎம்ஐ சுவிட்ச் என்று சில நூறு ரூபாய்க்கு ஒன்று விற்கிறது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அது மூன்று ஒயரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பும், சேர்த்துக் காட்டாது. மல்டிவியூவர் என்று பெயர் இருக்கிறதா, ரிமோட்டில் ஒரு பெரிய கட்டம் ஒரு சின்னக் கட்டம் போட்ட பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். செட்டாப் பாக்ஸ் தன் படத்துக்கு எச்டிசிபி என்ற பூட்டு போட்டு அனுப்பும். அந்தப் பூட்டைப் புரிந்துகொள்ளாத மலிவுப் பெட்டியில் குடோன் நன்றாகத் தெரியும், சேனல் மட்டும் கறுப்பாக இருக்கும். டிவிஆர் பூட்டுப் போடாது, அதனால் கேமராவை மட்டும் சொருகிக் காட்டி "நல்லா வேலை செய்யுதுங்க" என்று கடையில் சொன்னால் நம்பிவிடக்கூடாது. உங்கள் செட்டாப் பாக்ஸையே எடுத்துப்போய்ச் சொருகிப் பாருங்கள்.

மல்டிவியூவரில் மேட்ச் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நம் ஊர் ஒளிபரப்பு விநாடிக்கு 50 படம் என்ற கணக்கில் வருகிறது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 60 என்ற கணக்கில் வெளியே அனுப்பும்படி வைக்கப்பட்டு வருகின்றன. 50ஐ 60 ஆக்க, ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் ஒன்றைத் திரும்பக் காட்ட வேண்டியிருக்கிறது. பந்து எல்லைக்கு ஓடும்போது வழுக்கிக்கொண்டு போகாமல் வெட்டி வெட்டிப் போகும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, செய்திச் சேனலை வைத்துக் கீழே ஓடும் எழுத்து வரியைப் பாருங்கள். எழுத்து துடித்துத் துடித்து ஓடினால் இதுதான் காரணம். பெட்டியின் மெனுவில் வெளியீட்டை `1080p 50Hz` என்று மாற்றினால் சரியாகிவிடும். 50 என்ற தேர்வே இல்லாத பெட்டியை, மேட்சுக்காக வாங்குவதாக இருந்தால், வாங்க வேண்டாம் என்பேன்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இரண்டு சேனல். ஒரு செட்டாப் பாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் பிரித்து வெளியே கொடுக்கும். எத்தனை டிவி, எத்தனை மல்டிவியூவர் வைத்தாலும் அது மாறாது. ஆகவே இரண்டாவது பாக்ஸ் ஒன்று வேண்டும், அதற்குத் தனி இணைப்பும் மாதக் கட்டணமும் உண்டு. பாக்ஸ் வந்துவிட்டால், உங்கள் டிவிக்குத் தேவையான மற்ற சாமான் எல்லாம் ஏற்கெனவே ஹாலில் இருக்கும். இரண்டாவது பாக்ஸின் பின்னால் இருக்கும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவியை அதே மாடுலேட்டரில் சொருகினால் சின்னக் கட்டத்தில் அந்தச் சேனல் வரும். குடோனும் வேண்டும், சேனலும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே ஏவி செலக்டர் என்ற பொத்தான் பெட்டி போதும். ஒரு பொத்தானுக்குக் குடோன், இன்னொன்றுக்குச் செய்தி. எந்தப் படத்தின் சத்தம் வர வேண்டும் என்பதை PIP மெனுவிலேயே மாற்றலாம். இரண்டு சத்தமும் சேர்ந்து வராது.

ஒரு ஒயரிலிருந்து இரண்டு பாக்ஸுக்குப் பிரிப்பதில்தான் கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் வித்தியாசம். கேபிள் என்றால் இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று போட்டால் முடிந்தது. சிக்னல் பாதியாகப் பிரிகிற மாதிரி, ஒவ்வொரு பக்கமும் சுமார் மூன்றரை டெசிபல் குறையும். பாக்ஸின் சிக்னல் பக்கத்தைத் திறந்து, ஸ்ப்ளிட்டர் போடும் முன்னும் பின்னும் தரம் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தடுமாறும் லைனாக இருந்தால், கேபிள்காரரிடம் சொல்லி லெவலைக் கூட்டி வைக்கச் சொல்ல வேண்டும்.

டிஷ் என்றால் இந்த ஸ்ப்ளிட்டர் வேலைக்கு ஆகாது. மாடியில் தட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி., கீழே இருக்கும் பாக்ஸ் சொல்வதைக் கேட்டு நடக்கிறது. பாக்ஸ் ஒயர் வழியாக 13 வோல்ட் அனுப்பினால் ஒரு தொகுதிச் சேனல்களைக் கொடுக்கும், 18 வோல்ட் அனுப்பினால் வேறொரு தொகுதியைக் கொடுக்கும். ஒரே ஒயரில் இரண்டு பாக்ஸ் இருந்தால், ஒன்று 13 கேட்கும்போது இன்னொன்று 18 கேட்கும். எல்.என்.பி. ஒன்றுக்குத்தான் கீழ்ப்படிய முடியும். அடையாளம் தெளிவாகத் தெரியும்: உள் அறையில் யாரோ சேனல் மாற்றுகிறார்கள், ஹாலில் ஓடிக்கொண்டிருந்த சேனல் "சிக்னல் இல்லை" என்று நின்றுவிடுகிறது, அவர்கள் திரும்ப மாற்றினால் வந்துவிடுகிறது. மழை பெய்தது, தட்டு அசைந்தது என்று மாடிக்கு ஏறாதீர்கள். இரண்டு வெளியீடு உள்ள எல்.என்.பி. ஒன்றை மாற்றி, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி ஒயர் இறக்கினால் சரியாகும்.

உங்கள் விஷயத்தில் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. செட்டாப் பாக்ஸில் ஒரு சேனலை ஓடவிட்டு PIP-ஐ ஆன் பண்ணி, ரிமோட்டால் அந்தச் சின்னக் கட்டத்தின் சேனல் எண்ணை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். எண் மாறினால் டியூனர் வேலை செய்கிறது, தைரியமாக மாடுலேட்டர் வாங்கலாம். அப்புறம் டிவிஆரின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து, குடோனிலிருந்து ஹாலுக்கு ஒயர் போகும் தூரத்தையும் குறித்து அனுப்புங்கள். ஏவி துளை இருக்கிறதா, கன்வெர்டர் வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.